பெட்ரோல் நனைக்கும் இடம் வரைதான்: கார்பன் படிவும் ஒரு புட்டி கிளீனரும்

எங்கள் வீட்டுக் கார் ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள, மூன்று சிலிண்டர் எம்பிஎஃப்ஐ பெட்ரோல் எஞ்சின் கொண்டது, அதாவது பெட்ரோலை உள்ளிழுப்பு வால்வுக்கு முன்னால் தெளிக்கும் வகை. எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய அந்த வண்டியின் ஓட்டத்தில் பெரும்பகுதி கோயம்புத்தூர் நகருக்குள்ளேயே நடந்தது. பள்ளிக்கும் கடைக்கும் போய் வருவதில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கடந்த மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் குலுங்கத் தொடங்கியது. முதல் இரண்டு கியர்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகே இழுத்தது. சூடேறிய பின் இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது. வழக்கமாகச் செல்லும் பட்டறையில், கார்பன் பிடித்திருக்கிறது, டீகார்ப் செய்துவிடலாம் என்றார்கள். கார்பன் பிடித்திருக்கும் என்பதை நானும் நம்பினேன். ஆனால் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் எதை ஊற்றுவது என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே முதலில் அளப்பது, பிறகு ஒரு புட்டி கிளீனரைப் பயன்படுத்துவது, மீண்டும் அளப்பது என்று திட்டமிட்டேன்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் கரி படியும் முக்கியமான இடங்கள் நான்கு. முதலாவது பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுனி. சூடான எஞ்சினை நிறுத்தியதும் குளிர்விக்கும் நீரோட்டமும் காற்றோட்டமும் நின்றுவிடுவதால், அந்த நுனியின் வெப்பம் சிறிது நேரம் ஏறிக்கொண்டே போகும். அங்கே எஞ்சியிருக்கும் துளி பெட்ரோலின் இலகுவான பகுதி ஆவியாகிவிட, கனமான பகுதி காற்றோடு வினைபுரிந்து அரக்குப் போல ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டி நிறுத்தும் வண்டியில் இது வேகமாக நடப்பதற்குக் காரணம் அதுதான். இரண்டாவது இடம் உள்ளிழுப்பு வால்வின் பின்புறம். அங்கே பெட்ரோலின் எச்சம், வால்வ் தண்டின் வழியே கசியும் ஆயில், கிராங்க் அறையிலிருந்து பிசிவி குழாய் வழியாகத் திரும்பும் ஆயில் ஆவி ஆகிய மூன்றும் கலந்து சூட்டில் வெந்து இறுகும். மூன்றாவது எரியறை, அதாவது பிஸ்டன் தலையும் சிலிண்டர் ஹெட்டின் அடிப்பகுதியும். நான்காவது பிஸ்டன் ரிங்குகள் அமர்ந்திருக்கும் பள்ளம்.

இந்த நான்கில் எம்பிஎஃப்ஐ எஞ்சினில் திரவ நிலையிலுள்ள பெட்ரோல் நேரடியாகத் தொடுவது முதல் இரண்டை மட்டுமே. மூன்றாவதை அது ஓரளவு தொடுகிறது. நான்காவதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. டேங்கில் ஊற்றும் எந்த மருந்தும் பெட்ரோலோடு பயணம் செய்கிறதேயன்றித் தனியாக எங்கும் போவதில்லை. ஆகவே, பெட்ரோல் நனைக்கும் இடம் வரைதான் அதன் கை நீளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், புட்டியின் மேல் அச்சிட்டுள்ள வாக்குறுதிகளில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பது பெருமளவு தெளிவாகிவிடும்.

முதல் அளவீட்டை, எஞ்சின் கணினியின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியைக் கொண்டு செய்தேன். ஸ்டீயரிங்கின் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகினால், கைப்பேசித் திரையில் `LTFT` என்ற எண் தெரியும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தன் கணக்கின்படி கொடுக்க வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ கொடுக்கும்படி ஆக்சிஜன் சென்சார் அதைத் திருத்தியிருக்கிறது என்பதையே அந்த எண் காட்டுகிறது. எஞ்சின் முழுச் சூட்டில் இருந்தபோது ஐடிலிங்கில் கூட்டல் 10, 2500 ஆர்பிஎம்மில் கூட்டல் 11 என்று இருந்தது. இவற்றோடு `P0302` என்ற குறியீடும் நிலுவையில் இருந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். முதலில் ஐயம் விழுந்தது பிளக் மீதும் காயில் மீதும்தான். இரண்டாம் சிலிண்டரின் பிளக்கையும் காயிலையும் முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்ட பின்னரும் குறியீடு இரண்டாம் சிலிண்டரிலேயே நின்றதால் அந்த ஐயம் நீங்கியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டல் 11 முழுவதையும் கார்பனின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், ஒரே அளவு காற்றை எரிக்க அதிக எரிபொருள் தேவைப்படும். 10 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 14.1 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்றால், 20 சதவீதக் கலவைக்கு அது 13.5 அளவுக்கு இறங்குகிறது. எங்கள் வண்டி பழைய கலவைக்கென்று அமைக்கப்பட்டது. எனவே எஞ்சினில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அந்த எண் மூன்று அல்லது நான்கு சதவீதம் மேலேதான் நிற்கும். கார்பனோ வேறு கோளாறோ பொறுப்பேற்க வேண்டியது எஞ்சிய ஏழு சதவீதத்துக்கு மட்டுமே. கிளீனர் ஊற்றிய பிறகும் எண் பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று வருந்துபவர்களில் பலர் இந்தப் பகுதியைக் கழித்துப் பார்ப்பதில்லை.

அந்த ஏழு சதவீதத்துக்குக் காரணம் எரிபொருள் அழுத்தக் குறைவாகவும் இருந்திருக்கலாம். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழாயான ரெயிலில் கேஜ் மாட்டிப் பார்த்ததில் அழுத்தம் மூன்று பாருக்கு அருகில் அசையாமல் நின்றது. அது சரியான அளவு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும் என்பதால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேஸ்கெட்டின் ஓரங்களையும் பார்த்தேன். கரிக்கோடு எதுவும் இல்லை. இந்த இரண்டையும் விலக்கிய பின்னரே இன்ஜெக்டர்களைக் கழற்ற முடிவு செய்தேன்.

கழற்றும் முறை கடினமானதன்று. ஆனால் வரிசை தவறக்கூடாது. எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓட்டி ரெயிலின் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். இன்ஜெக்டர்கள் அமர்ந்திருக்கும் குழிகளைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ரெயிலைத் தூக்கினால், அந்த மண் நேராக வால்வின் மீது விழும். ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்றியதும் அடியில் துணியை வைத்துக்கொண்டு நேராக மேலே இழுக்க வேண்டும், ஏனெனில் எஞ்சியிருக்கும் பெட்ரோல் கட்டாயம் சிந்தும். இந்த வேலையைத் திறந்த வெளியில், சூடு முற்றிலும் ஆறிய எஞ்சினில்தான் செய்ய வேண்டும்.

கழற்றிய மூன்று இன்ஜெக்டர்களையும் எண்ணிட்டு, சோதனை மேசை வைத்திருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். "அண்ணா, சுத்தம் பண்ண வேண்டாங்க, அளந்து மட்டும் கொடுங்க" என்றதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அளக்கறதுக்குன்னு மட்டும் யாருங்க கழட்டிட்டு வருவாங்க?" என்று கேட்டாலும் அளந்து கொடுத்தார். மூன்று பார் அழுத்தத்தில் பதினைந்து நொடி முழுமையாகத் திறந்து வைத்தபோது முதலாவது 48 மில்லியும், இரண்டாவது 42 மில்லியும், மூன்றாவது 46 மில்லியும் கொடுத்தன. அளவைவிடத் தெளிவாகப் பேசியது தெளிப்பின் வடிவம். மற்ற இரண்டும் கூம்பாகப் புகை போலத் தூவியபோது, இரண்டாவது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்த கம்பி போலப் பீய்ச்சியது. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையே 12 சதவீதத்துக்கும் மேல் வேறுபாடு இருந்தது. நல்ல நிலையிலுள்ள தொகுப்பில் இது இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இசியூ மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே திருத்தத்தைத்தான் செய்கிறது. அதனால் இரண்டாவது சிலிண்டர் பட்டினியில் கிடக்க, முதலாவது தேவைக்கு மேல் குடித்துக்கொண்டிருந்தது. ஐடிலிங் குலுக்கலுக்கு இதுவே போதுமான காரணம்.

இன்ஜெக்டர் குழிகள் திறந்திருந்த அந்த வாய்ப்பிலேயே கைப்பேசியில் இணைக்கும் சிறிய கேமராவான போரோஸ்கோப்பை உள்ளே விட்டு வால்வுகளின் பின்புறத்தைப் பார்த்தேன். முதல் இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளில் கழுத்துப் பகுதி முழுவதும் பொருக்குத்தட்டிய, உலர்ந்த, மங்கலான கறுப்புப் படிவு இருந்தது. மூன்றாவது சிலிண்டரின் ஒரு வால்வு மட்டும் வேறு மாதிரி இருந்தது. தண்டை ஒட்டிய பகுதியில் ஈரப் பளபளப்போடு தார் போல ஒரு திரள் தெரிந்தது. உலர்ந்த படிவு பெரும்பாலும் எரிபொருளின் வழியிலும் பிசிவி ஆவியின் வழியிலும் வருவது, எல்லா வால்விலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். ஒரே ஒரு வால்வில் மட்டும் ஈரமாகத் திரண்டிருந்தால், அந்த வால்வின் தண்டு சீல் ஆயிலைக் கசியவிடுகிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்தப் படிவு எவ்வளவு இருந்தால் தொல்லை தரும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் பெட்ரோலின் படிவுத் தன்மையைச் சோதிக்க, பிஎம்டபிள்யூ 318ஐ காரைப் பத்தாயிரம் மைல் ஓட்டி வால்வுகளைக் கழற்றி எடை போடும் முறை ஒன்றை வகுத்தார்கள். அதில் ஒரு வால்வுக்குச் சராசரியாக 100 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் அந்தப் பெட்ரோல் தேறும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கரியே எல்லைக்கோடு என்றால், காரணம் அதன் கனம் அல்ல. அது நுண்துளைகள் நிறைந்த பொருள். குளிர்ந்த எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதியை அது பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் சிலிண்டருக்குள் போகும் கலவை மெலிந்துவிடுவதால் வண்டி தயங்குகிறது. சூடேறியதும் உறிஞ்சுவது குறைந்துவிடுகிறது. எங்கள் வண்டியின் காலை நேரத் தயக்கம் இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்தியது.

பிளக் குழி வழியாகப் பார்த்தபோது பிஸ்டன் தலைகளில் சொரசொரப்பான கரும்பழுப்புப் படிவு இருந்தது. இந்த வயதுள்ள எஞ்சினில் அது இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. எரியறைப் படிவு ஓரளவு வளர்ந்ததும், படிவதும் உதிர்வதும் சமமாகி நின்றுவிடும். வெப்பத்தை உள்ளேயே தேக்கி வைத்து, அறையின் இடத்தையும் சற்றுக் குறைப்பதால் அது நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவதை வரவழைக்கக்கூடும். எங்கள் வண்டியில் நாக்கிங் இல்லை. ஆகவே அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளவீடுகள் முடிந்ததும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யாமலேயே, புது ஓ-ரிங்குகளுக்கு ஒரு துளி ஆயில் தடவித் திரும்பப் பொருத்தினேன். சாவியைச் சிலமுறை ஆன் நிலைக்குத் திருப்பிப் பம்ப்பை மட்டும் ஓடவிட்டு, எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெயிலுக்கு அருகில் ஒரு சொட்டுக் கசிந்தாலும் அது தீ விபத்துக்கு இட்டுச் செல்லும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது கிளீனரைத் தேர்ந்தெடுப்பது. கடையில் கிடைக்கும் புட்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சிலவற்றில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய், நாப்தா போன்ற கரைப்பான்கள் மட்டுமே. பெட்ரோலே நல்ல கரைப்பான்தான். முப்பது லிட்டர் பெட்ரோலில் கால் லிட்டர் கரைப்பானைச் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது. இரண்டாவது வகையில் பாலிஐசோபியூட்டிலீன் அமீன் இருக்கிறது. பெட்ரோலிலேயே சிறிதளவு சேர்த்து விற்கப்படும் தூய்மிப்பான்களிலும் இந்த வகை உண்டு. வால்வின் பின்புறத்தில் புதிய படிவு சேராமல் தடுப்பதில் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் நீண்ட பாலிமர் வால் எரியறையில் முழுமையாகச் சிதையாததால், அளவுக்கு மீறி ஊற்றினால் பிஸ்டன் தலையில் படிவு கூடவே செய்யும். மூன்றாவது வகை பாலிஈதர் அமீன். அதன் மூலக்கூறின் ஒரு முனையில் உள்ள நைட்ரஜன் படிவைப் பற்றிக்கொள்ள, மறுமுனை பெட்ரோலில் கரைந்து அதை இழுத்துக்கொண்டு போகிறது. வால்வின் சூட்டைத் தாங்கி நிற்கும் அளவுக்கு உறுதியாகவும், எரியறையின் சூட்டில் எச்சமின்றிச் சிதையும் அளவுக்கு இளகியதாகவும் இருப்பதே அதன் சிறப்பு.

புட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தகவல் தாளில் பொருள்களின் பெயரும் தோராய விகிதமும் இருக்கும். பாலிஈதர் அமீன் குறிப்பிடத்தக்க பங்காக இருப்பதை அந்தத் தாளில் உறுதி செய்துகொண்டு ஒன்றை வாங்கினேன். விகிதத்தையே சொல்லாமல் மறைக்கும் புட்டிகளை ஒதுக்கிவிட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோல் தானாகவே எஞ்சினைச் சுத்தம் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன் மட்டுமே. தூய்மிப்பான் தனியாகச் சேர்க்கப்படுவது. விலை உயர்ந்த பெட்ரோலில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம், ஆனால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முடியாது.

ஊற்றுவதிலும் ஒரு முறை உண்டு. டேங்க் ஏறக்குறைய காலியான நிலையில், பங்க்கில் நின்றபடி முதலில் கிளீனரை ஊற்றி, அதன் மீது முழு டேங்க் பெட்ரோலை நிரப்பினேன். பெட்ரோல் விழும் வேகத்திலேயே அது நன்றாகக் கலந்துவிடும். புட்டியில் குறிப்பிட்ட அளவைத் தாண்டவில்லை. அதிகம் ஊற்றினால் அதிகம் சுத்தமாகும் என்பது இதில் செல்லாது. எரியாத மிச்சம் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைக் கெடுக்கும். இதே காரணத்தால், ஆயில் மாற்ற வேண்டிய தவணை நெருங்கும்போது கிளீனரைப் பயன்படுத்தி, அந்த டேங்க் தீர்ந்ததும் ஆயிலை மாற்றுவது நல்லது. நடுவில் புதுப் பெட்ரோலைச் சேர்த்து நீர்க்கச் செய்யாமல், கால் டேங்க் மிஞ்சும் வரை ஓட்டினேன். அந்த ஓட்டத்தின் பெரும்பகுதி அவிநாசி, பெருந்துறை, பவானி வழியாகச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்தது. நகருக்குள் ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டி அந்த டேங்கைத் தீர்த்திருந்தால், வால்வு போதிய நேரம் சூட்டில் நின்றிருக்காது. சூடான எஞ்சினை அடிக்கடி நிறுத்துவதால் இன்ஜெக்டர் நுனியில் புதுப் படிவும் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியபோதே காலை நேரக் குலுக்கல் குறைந்ததை வீட்டில் மற்றவர்களும் உணர்ந்தார்கள். ஆனால் உணர்வை மட்டும் நம்புவதற்கில்லை. பணம் கொடுத்து வாங்கிய மருந்து வேலை செய்வதாகத் தோன்றுவது மனித இயல்பு. ஓபிடி எண்கள் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் கூட்டல் 8 என்று இறங்கியிருந்தன. மிஸ்ஃபயர் குறியீட்டை அழித்த பின் அது திரும்ப வரவில்லை. இன்ஜெக்டர்களை மீண்டும் கழற்றி அதே மேசையில், அதே அழுத்தத்தில் அளந்தபோது முதலாவது 48, இரண்டாவது 45, மூன்றாவது 47 மில்லி கொடுத்தன. இரண்டாவதன் தெளிப்பு கம்பி வடிவத்திலிருந்து கூம்புக்கு மாறியிருந்தாலும் சற்றே கோணலாகத்தான் இருந்தது.

வால்வுகளின் நிலை இன்னும் சுவையானது. இன்ஜெக்டரின் தெளிப்பு நேராக மோதும் பக்கத்தில் படிவு மெலிந்து, சில இடங்களில் உலோகத்தின் நிறமே தெரிந்தது. தண்டின் நிழலில் இருக்கும் மறுபக்கத்தில் பழைய பொருக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரே வால்வின் இரண்டு பக்கங்களில் பெட்ரோல் நனைத்த இடத்துக்கும் நனைக்காத இடத்துக்கும் இடையே கோடு கிழித்தது போல எல்லை தெரிந்தது. மூன்றாவது சிலிண்டரின் ஈர வால்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பெட்ரோல் கழுவும் வேகத்தைவிட ஆயில் வந்து சேரும் வேகம் அதிகமாக இருந்தால் வேறென்ன நடக்கும்? பிஸ்டன் தலைகளில் ஓரப் பகுதி மட்டும் சற்று வெளுத்திருந்தது, நடுவில் மாற்றமில்லை. சிலிண்டர் கம்ப்ரஷன் அளவுகளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. தெரியும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த டேங்கிலும் ஒரு புட்டி ஊற்றிப் பார்த்ததில் எண்கள் அசையவில்லை. முதல் முறையில் கரையக்கூடியது கரைந்துவிட்டது, எஞ்சியது மருந்துக்குக் கட்டுப்படாதது என்றே இதைப் புரிந்துகொண்டேன். பின்னர் இன்ஜெக்டர்களை அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, மின்துடிப்பால் ஊசியைத் திறந்து மூடியபடி சுத்தம் செய்து, பின்பக்கமாகக் கழுவி, உள்ளிருக்கும் சிறு வடிகட்டிகளையும் மாற்றிய பிறகு 49, 48, 49 மில்லி கிடைத்தது. திரையில் எண் கூட்டல் 4 என்ற இடத்தில் நின்றது. அந்த நான்கும் எத்தனாலின் பங்கு. ஆக, அடைப்பால் குறைந்திருந்த ஓட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை ஒரு புட்டி கிளீனர் மீட்டுத் தந்திருக்கிறது. அந்தப் பாதியே மிஸ்ஃபயரை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றும் வசதியோ விருப்பமோ இல்லாதவருக்கு இது மோசமான பேரமன்று. ஆனால் தெளிப்பு முற்றிலும் கெட்டுப்போன இன்ஜெக்டருக்கு மேசைதான் தீர்வு.

இதே காலத்தில் என் மைத்துனரின் காரும் சேர்ந்துகொண்டது. அது டர்போ பொருத்திய நேரடி உட்செலுத்தல் எஞ்சின், அதாவது பெட்ரோலை வால்வுக்கு முன்னால் தெளிக்காமல் எரியறைக்குள்ளேயே உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் வகை. எனக்குப் பயன்பட்ட அதே புட்டியை அவரும் ஊற்றினார். அவருடைய வண்டியிலும் குளிர்ந்த நிலையில் குலுக்கல் இருந்தது, ஊற்றிய பிறகும் இருந்தது. உள்ளிழுப்பு மேனிஃபோல்டைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. வால்வின் கழுத்து முழுவதும் காற்றுப் பாதையே குறுகும் அளவுக்குத் தடித்த கரி இருந்தது. அந்த வால்வின் பின்புறத்தை ஒரு துளி பெட்ரோல்கூட நனைப்பதில்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி படிகிறது, சூட்டில் இறுகுகிறது, கழுவ ஆளில்லை. டேங்கில் எந்த மருந்தை எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அது அந்த வால்வைத் தொடப்போவதில்லை. டொயோட்டா போன்ற சில நிறுவனங்கள் நேரடி உட்செலுத்தலோடு வால்வுக்கு முன்னாலும் ஒரு தொகுதி இன்ஜெக்டர்களை வைப்பதற்கு இந்தக் கழுவுதலும் ஒரு காரணம். அந்த எஞ்சினில் கிளீனருக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். எரியறைக்குள் நீண்டிருக்கும் இன்ஜெக்டர் நுனியின் படிவை பாலிஈதர் அமீனால் குறைக்க முடியும். அவருடைய தொல்லை அங்கே இல்லை என்பதுதான் விஷயம்.

அவருடைய வண்டிக்கு வால்நட் ஓட்டுத் தூளைக் கொண்டு சுத்தம் செய்தார்கள். மேனிஃபோல்டை எடுத்த பிறகு கிராங்கைக் கையால் சுற்றி, சுத்தம் செய்யும் சிலிண்டரின் உள்ளிழுப்பு வால்வுகள் முழுமையாக மூடிய நிலையில் நிறுத்த வேண்டும். இதில் கவனம் தவறினால் தூள் சிலிண்டருக்குள் போகும். வாக்குவம் இணைத்த ஒரு அடாப்டரை அந்தச் சிலிண்டரின் காற்றுப் பாதையின் வாயில் பொருத்தி, கம்ப்ரஸர் காற்றோடு தூளை அடித்தால் கரி உதிர்ந்து தூளோடு உறிஞ்சப்பட்டுவிடும். ஓட்டுத் தூள் கரியைவிடக் கடினமானது, உலோகத்தைவிட மென்மையானது. அதனால் வால்வில் கீறல் விழாது. மற்ற சிலிண்டர்களின் வாய்களை அடைத்து வைப்பதும், கடைசியில் காற்றடித்து ஒரு துகளும் எஞ்சவில்லை என்று போரோஸ்கோப்பில் பார்ப்பதும் பட்டறைக்காரரின் பொறுமையைப் பொறுத்தவை. வேலை நடக்கும் இடத்தில் நாமும் நிற்பது நல்லது.

ரிங் பள்ளத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆயில் குடிக்கும் வண்டிக்குக் கிளீனர் ஊற்றினால் சரியாகுமா என்ற கேள்விக்கு, ஆகாது என்பதே என் பதில். ஆயில் ரிங்கைப் பெட்ரோல் போதிய அளவில் சென்றடைவதில்லை. அது ஆயிலின் வழியிலோ, பிளக் குழியில் கரைப்பானை ஊற்றி ஊறவைத்தோ அணுக வேண்டிய இடம். அதுவும் பல நேரங்களில் பயன் தருவதில்லை. பட்டறைகளில் உள்ளிழுப்புக் குழாய் வழியாக நுரையையோ திரவத்தையோ செலுத்திச் செய்யும் டீகார்ப் முறைக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. எரியறைப் படிவு திடீரெனச் செதில் செதிலாக உதிர்ந்தால், ஒரு செதில் வெளியேற்று வால்வின் இருக்கையில் சிக்கி வால்வு முழுமையாக மூடாமல் போகலாம். மறுநாள் காலையில் கம்ப்ரஷன் இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கும். பெரும்பாலும் சிறிது நேரம் ஓடியதும் செதில் நொறுங்கி வெளியேறிவிடும். ஆனால் டேங்கில் ஊற்றும் மருந்து மெதுவாக வேலை செய்வதில் உள்ள நன்மை இங்கே புரியும்.

எங்கள் வண்டிக்கு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாயிற்று. பிசிவி வால்வையும் புதிதாகப் போட்டேன். மூன்றாவது சிலிண்டரின் தண்டு சீலை ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்றலாம் என்றார் மெக்கானிக். பிளக் குழி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வை மேலே தாங்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அழுத்தி சீலை எடுக்கும் முறை அது. அடுத்த சர்வீஸில் செய்வதாகப் பேசியிருக்கிறோம். அதுவரை அந்த வால்வுக்காக இன்னொரு புட்டி வாங்குவதாக இல்லை.